சொந்தக்காரர்கள் கட் பண்ணிய விளம்பரம்

பதினோரு வருஷம் நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலை ஒன்றே ஒன்றுதான்: குறை கண்டுபிடிப்பது. ஓசூர் தொழிற்பேட்டையில், லாரிக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனியில் தரப் பரிசோதகன். வெளியிலிருந்து வரும் சரக்கை அளந்து பார்ப்பேன். மயிரிழை கூடினாலும் சிவப்பு அட்டையைக் கட்டி, காரணத்தையும் எழுதித் திருப்பி அனுப்பிவிடுவேன். அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. சாம்பாரில் உப்பு கம்மி என்று சொன்னால் போதும், "அட்டை கட்டியாச்சா?" என்பாள் என் மனைவி.

அமெரிக்காவில் எவனோ வீட்டுக் கடன் கட்டவில்லை, அதில் உலகம் முழுக்க வியாபாரம் படுத்துவிட்டது என்பதற்காக ஓசூரில் என் வேலை போயிற்று. இதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அந்த ஆள் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. கம்பெனி கொடுத்த பணத்தில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஆறு கம்ப்யூட்டர் போட்டு ஒரு பிரௌசிங் சென்டர் திறந்தேன். மதுரைப் பக்கம் திரும்பிப் போய் அண்ணன் தம்பிகள் முன்னால் கைகட்டி நிற்க எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அப்போதுதான் சமூக வலைத்தளம் என்று ஒன்று பரவ ஆரம்பித்திருந்தது. காலேஜ் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்கள். அந்தத் தளத்தின் ஓரத்தில் தபால்தலை அளவுக்குச் சின்னச் சின்ன விளம்பரங்கள் வரும். யார் வேண்டுமானாலும் கார்டு மூலம் பணம் கட்டிப் போடலாம் என்று தெரிந்ததும், வீட்டு மனை விற்கிற ஒருவருக்குப் போட்டுக் கொடுத்தேன். நாலு மனை விற்றது. உடனே பெயர்ப்பலகையில் "இங்கு இன்டர்நெட் விளம்பரம் செய்து தரப்படும்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். கொழுப்புதான், வேறென்ன.

அந்த வரியைப் பார்த்துவிட்டு வந்தவர்தான் ரோஜாத் தோட்டக்காரர். தேன்கனிக்கோட்டை ரோட்டில் அவருக்கு பிளாஸ்டிக் கூரை போட்ட ரோஜா ஷெட்டுகள் இருந்தன. ஐம்பத்தைந்து வயது, முறுக்கிய மீசை, வெள்ளைச் சட்டை, சிரிப்பே வராத முகம். காதலர் தினத்துக்கு வெளிநாட்டுக்குப் பூ அனுப்புகிறவர் இப்படித்தான் இருப்பார் என்று யார் சத்தியம் பண்ணினாலும் நம்ப மாட்டோம்.

ஏற்றுமதிக்காரன் அனுப்பிய மெயிலை என்னிடம் காட்டி, "படிச்சு சொல்லுப்பா, என் கண்ணுல கோளாறா, இல்ல இவன் எழுதுனதுல கோளாறா?" என்றார். கண்ணில் கோளாறு இல்லை. வெளிநாட்டில் வாங்குவாரில்லை, இந்த வருஷம் பாதிப் பூதான் எடுப்போம் என்று எழுதியிருந்தான்.

"டிசம்பர்லயே கிளையெல்லாம் வெட்டி கவாத்து பண்ணியாச்சுப்பா. பிப்ரவரி பத்துக்கு மொத்தமும் மொட்டு கட்டி நிக்கும். செடிகிட்டப் போயி, அமெரிக்காவுல கஷ்டமாம், கொஞ்சம் பொறுத்துப் பூவுன்னு சொல்ல முடியுமா?"

பத்தாயிரம் சிவப்பு ரோஜா மிச்சம். பெட்டிக்கு இருபத்தைந்து என்று வைத்தால் நானூறு பெட்டி. பதினாலாம் தேதி தாண்டினால் குப்பைக்குழிதான். "இது போச்சுன்னா ஷெட்டைப் பிரிச்சுப்புட்டு முட்டைக்கோஸ் வெப்பேன். பூவு வெட்டுற முப்பது பொம்பளைங்களுக்கு முட்டைக்கோஸுல இன்னா வேலை இருக்குது?" என்றபோது மட்டும் அவர் குரல் இறங்கியது. வேலை போன நாள் என்பது எப்படி விடியும் என்று எனக்குத் தெரியும்.

"விடுங்கண்ணே, பெங்களூர்ல காதலிக்கிறவனுக்கா பஞ்சம்? நேரா அவங்களுக்கே வித்துருவோம். நானாச்சு" என்றேன். நானாச்சு என்ற அந்த ஒரு சொல்லுக்காக அடுத்த பத்து நாள் என்னை நானே திட்டிக்கொண்டேன்.

திட்டம் எளிமையானது. விளம்பரத்தைச் சொடுக்கினால் ஒரு பக்கம் திறக்கும். அதில் பெட்டி விலையும் அவருடைய செல் நம்பரும் இருக்கும். போன் பண்ணினால் பன்னிரண்டு, பதிமூன்று தேதிகளில் வேனில் கொண்டுபோய் ஆபீஸ் வாசலில் கொடுத்துவிடுவார். பெங்களூரில் இருக்கும் பதினெட்டு முதல் முப்பத்தைந்து வயதுக்காரர்களுக்குக் காட்டச் சொல்லி, ஐந்து விதமாக வாசகம் எழுதி ஐந்து விளம்பரம் போட்டேன்.

"ஒருத்தன் பாத்தா எவ்ளோ காசு?" என்று கேட்டார்.

"பாத்தா காசு இல்லண்ணே. மிஸ்டு கால் மாதிரிதான். மணி அடிக்கிற வரைக்கும் ஓசி. எடுத்தாத்தான், அதாவது சொடுக்குனாத்தான் காசு. இப்போதைக்கு ஒரு சொடுக்குக்கு அஞ்சு ரூபா ஆகும்."

அவர் முகம் மலர்ந்தது. மிஸ்டு காலை அவரைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர் எங்கள் ஜில்லாவில் கிடையாது. அவர் வீட்டில் போனை எடுத்துப் பேசுவதே அபூர்வம். ஒரு அடி மணியடித்து வைத்தால் சாப்பாடு தயார், இரண்டு அடித்தால் கரண்ட் வந்துவிட்டது மோட்டாரைப் போடு, மூன்று அடித்தால் யானை இறங்கியிருக்கிறது பக்கத்துக் கொல்லையில். நான் சொன்ன உவமை அவர் மண்டைக்குள் எங்கே போய் உட்கார்ந்தது என்று அன்றைக்கே விசாரித்திருக்க வேண்டும். விசாரிக்கவில்லை. பரிசோதகனாம் பரிசோதகன்!

முதல் இரண்டு நாள் பிரமாதம். ஐந்து ரூபாய்க்கு ஒரு சொடுக்கு, ஒரு நாளைக்கு இருநூறு பேர் பக்கத்துக்கு வந்தார்கள். மூன்றாம் நாள் ஒரு சொடுக்கு எட்டு ரூபாய். ஐந்தாம் நாள் பதிமூன்று. இவ்வளவுக்கும் விளம்பரம் தெரிகிற எண்ணிக்கை சரிந்துகொண்டே போனது. விலையைக் கூட்டிக் கேட்டால்தான் காட்டுவேன் என்று தளம் அடம் பிடித்தது.

அந்தத் தளம் இடத்தை ஏலத்தில்தான் விடும். ஆனால் அதிக விலை சொன்னவனுக்கே இடம் என்று கிடையாது. எந்த விளம்பரத்தை மக்கள் விரும்பிச் சொடுக்குவார்கள், எதை வேண்டாம் என்று தள்ளுவார்கள் என்றும் கணக்குப் பார்க்கும். விளம்பரத்தின் மூலையில் பொடிசாக ஒரு பெருக்கல் குறி இருக்கும். அதை அழுத்தினால் விளம்பரம் மறைந்து, ஏன் பிடிக்கவில்லை என்று கேட்கும். சுவாரசியமில்லை, திரும்பத் திரும்ப வருகிறது, ஏமாற்று, ஆபாசம் என்று காரணங்கள் வரிசையாக இருக்கும். நிறையப் பேர் தள்ளினால், இந்த ஆள் நம் வீட்டுக்கு வருகிறவர்களைத் தொந்தரவு பண்ணுகிறான் என்று தளம் முடிவுகட்டிவிடும். அப்புறம் இடம் வேண்டுமென்றால் தொந்தரவுக்கும் சேர்த்து விலை கொடுக்க வேண்டியதுதான். கல்யாண மண்டபக்காரரும் சண்டை போடுகிற கூட்டத்துக்கு வாடகையைக் கூட்டித்தான் சொல்வார்.

யாரோ தள்ளுகிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஏன் தள்ளுகிறார்கள்? விளம்பரப் படத்தைப் பார்த்தேன். காரணம் என்னை முறைத்துப் பார்த்தது.

படத்தில் இருந்தவர் அவரேதான். முதல் நாளே பிடிவாதமாகச் சொல்லியிருந்தார்: "பூவை வளத்தது நானு. என் மூஞ்சியப் பாத்தாதான் நம்பி வாங்குவாங்க." ரோஜாக்களுக்கு நடுவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மீசையோடு, போலீஸ் ஸ்டேஷனில் எடுத்த மாதிரி ஒரு போட்டோ. அதன் மேலே "உங்கள் காதலுக்கு" என்று எழுதியிருந்தது. பெண்ணுடைய அப்பாவைப் பார்த்த மாதிரிப் பையன்கள் பயந்து ஓடுவதில் என்ன ஆச்சரியம்?

"அண்ணே, கோவிச்சுக்கக் கூடாது. உங்க படத்தை எடுத்துட்டு வெறும் ரோஜாவைப் போட்டுருவோம்" என்றேன்.

"ஏம்பா, என் மூஞ்சிக்கு இன்னா?"

"மூஞ்சிக்கு ஒண்ணுமில்லண்ணே. காதலுக்குத்தான் ஒத்து வரலை."

கோபித்துக்கொண்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். நானும் விடவில்லை, படத்தை மாற்றி ஐந்து விளம்பரங்களையும் புதிதாகப் போட்டேன். ஒரு நாள் விலை ஒன்பதுக்கு இறங்கியது. பார்த்தாயா, என் கண் தப்புமா என்று காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன். மறுநாள் பதினாறு. அதற்கு மறுநாள் பத்தொன்பது. பகல் முழுக்கக் காட்டினாலும் ஐம்பது பேர்கூட வரவில்லை. தோட்டத்தில் மொட்டுகள் நிறம் காட்ட ஆரம்பித்திருந்தன. பெட்டி முப்பதுதான் விற்றிருந்தது.

அன்று அவர் போன் பண்ணினார். எடுத்துப் பேசினார் என்றால் எவ்வளவு கவலை என்று பார்த்துக்கொள்ளுங்கள். "இன்னாப்பா, முட்டைக்கோஸ் விதைக்குச் சொல்லி வெச்சிடவா?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. "ரெண்டு நாள் பொறுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு அவருடைய மைத்துனர் மகள் வந்தாள். ஊருக்கு வெளியே இருக்கும் இன்ஜினியரிங் காலேஜில் கம்ப்யூட்டர் லெக்சரர். கையில் ஒரு ரெக்கார்டு நோட்டு. பழுப்பு அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, அத்தனை சுத்தமாக இருந்தது.

"அண்ணா, மாமா உங்ககிட்ட நேர்ல காட்டச் சொன்னாரு. அவருக்காக நாங்க எவ்ளோ சேவ் பண்ணியிருக்கோம்னு பாருங்க" என்று நோட்டை விரித்தாள்.

முதல் பத்தி மாணவர் எண். இரண்டாவது தேதி. மூன்றாவது எந்த விளம்பரம். நான்காவது பத்தியின் தலைப்பு: கட் செய்ததற்கான காரணம்.

"இதென்னம்மா?" என்றேன்.

"மாமாதான் சொன்னாரு. மிஸ்டு கால் மாதிரியாம், எடுத்தாத்தான் காசாம். அதனால யாராச்சும் கை தவறி சொடுக்குறதுக்குள்ள கட் பண்ணிடுங்கன்னாரு. எங்க டிபார்ட்மென்ட்ல நூத்தி எண்பது பேரு. லேப் பீரியட்ல தெனம் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கிடுறேன். ஓரத்துல நம்ம விளம்பரம் தெரிஞ்ச உடனே எக்ஸ் அடிச்சிடுவாங்க. பெங்களூர்ல வேலை பாக்குற எங்க சொந்தக்காரங்களும் அவங்க ஆபீஸ்லருந்து அடிக்கிறாங்க. மாமா படம் போட்டது அஞ்சும் முடிஞ்சிடுச்சு. இப்ப புது படம் அஞ்சுல நாலு முடிஞ்சிடுச்சு!"

எங்கள் ஊர் இணைப்புகளை அந்தத் தளம் பெங்களூர் என்றே எடுத்துக்கொள்ளும். பெங்களூருக்கு என்று நான் அனுப்பியதெல்லாம் முதலில் போய் விழுந்தது இந்தப் பெண்ணின் லேபில். அடக் கடவுளே!

"அந்தக் காரணம்…"

"அதுவா, எல்லாரும் ஒரே காரணத்தை அடிச்சா நல்லா இருக்காதுல்லண்ணா? ரோல் நம்பர்படி பிரிச்சுக் குடுத்துட்டேன். ஒண்ணுலருந்து அறுபது சுவாரசியமில்லை. அறுபத்தொண்ணுலருந்து நூத்தி இருபது ஏமாற்று. மிச்சம் ஆபாசம்."

வெறும் ரோஜாப்பூவை அறுபது பேர் ஆபாசம் என்று புகார் செய்திருந்தார்கள். அந்த நோட்டை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினோரு வருஷம் நான் கட்டிய சிவப்பு அட்டைகள் மொத்தமும் இப்படிப் பத்தி பிரித்து, காரணம் எழுதி, என் மேலேயே திரும்பி வந்து விழுந்துவிட்டன. எங்கள் கம்பெனிக்குச் சரக்கு அனுப்புகிறவர்களில் ஒருவன் இத்தனை அட்டை வாங்கியிருந்தால், அவன் சரக்கை ஒன்றுவிடாமல் அளந்து பார்ப்போம், அந்தச் செலவையும் அவன் தலையிலேயே கட்டுவோம். தளம் செய்ததும் அதைத்தான். அதன்மேல் ஒரு பிழையும் இல்லை.

எனக்கு வந்த கோபத்தில் விசிறியே நின்றுவிடும் போலிருந்தது. ஆனால் யாரைத் திட்டுவது? மிஸ்டு கால் என்று சொன்னது என் திருவாய். "அம்மா தாயே, நீ இனிமே ஒரு நல்லதும் பண்ண வேண்டாம், போதும்" என்று கைகூப்பினேன். விஷயம் புரிந்ததும் அந்தப் பெண் முகம் வெளுத்து, "அய்யோ, இதுக்கு இன்டர்னல் மார்க் வேற போட்டிருக்கேனே" என்றாள்.

தோட்டக்காரரை வரவழைத்தேன். மருமகளை ஒரு பக்கமும் நோட்டை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு விளக்கினேன். சொடுக்காமல் சும்மா விட்டால் நஷ்டமில்லை. எக்ஸ் அடித்தால்தான் நஷ்டம், அதுவும் நமக்கே.

அவர் நோட்டை மூடி மேஜையில் தள்ளி வைத்தார். பிறகு, "அப்ப எல்லாரையும் சொடுக்கச் சொல்லிடவா?" என்றார்.

"வேண்டவே வேண்டாம்ணே! பூ வாங்காதவன் சொடுக்குனா அஞ்சும் பத்தும் தண்டம். அவங்க ஒண்ணுமே செய்யக் கூடாது. பாத்துட்டுச் சும்மா இருக்கணும்."

"சும்மா இருக்கணுமா? எங்க சனத்துக்கு அது மட்டும் வராதுப்பா."

அது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. அதனால் புது விளம்பரம் போட்டபோது, படிப்பை முடித்து வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் காட்டு, மாணவர்களுக்கு வேண்டாம் என்று அடைத்துவிட்டேன். லேப் தொல்லை ஒழிந்தது. ஐந்துக்குப் பதில் ஒரே விளம்பரம், ஒரு ரோஜா, "ஓசூர் தோட்டத்திலிருந்து நேராக உங்கள் ஆபீஸ் வாசலுக்கு" என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். பெங்களூர்ச் சொந்தக்காரர்களைச் சும்மா இருக்கச் சொல்லும் பொறுப்பை மருமகளிடம் விட்டேன்.

அப்போது மேஜைமேல் இருந்த அவர் செல் அடித்தது. எடுக்காமல் கட் பண்ணினார். சற்று நேரத்தில் மறுபடி அடித்தது. மறுபடி கட்.

"யாருண்ணே?"

"எவனோ எக்ஸ் அடிச்சிருப்பான். அடிச்சா ஒரு மிஸ்டு கால் குடுங்கடா, தெரிஞ்சிக்கறேன்னு சொல்லி வெச்சிருந்தேன். பத்து நாளா இதே ரோதனை."

"அண்ணே… விளம்பரத்துல பூ வாங்குறவங்களுக்குன்னு குடுத்தது எந்த நம்பரு?"

அவர் செல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி செல்லைப் பார்த்தார். "இதேதான்" என்றார். அந்த மீசை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கீழே தொங்கிப் பார்த்தேன்.

அதுவரை விற்ற முப்பது பெட்டியும், அவர் கட் பண்ணக் கட் பண்ண விடாமல் திரும்பத் திரும்பக் கூப்பிட்ட முப்பது வைராக்கியசாலிகளுக்கு விற்றதுதான். வாங்கக் கூப்பிட்ட மிச்ச நம்பர்களெல்லாம் அந்தச் செல்லுக்குள்ளேயே கிடந்தன. எது நம் பிள்ளை, எது வாடிக்கையாளர் என்று யாருக்குத் தெரியும்? என் ஆறு கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டு, மூன்று பேரும் மூன்று செல்லோடு உட்கார்ந்தோம். வந்த நம்பர்களை ஒன்றுவிடாமல் திருப்பி அழைத்தோம். அவர் நேராக விஷயத்துக்கு வந்துவிடுவார்:

"அலோ! நீ கட் பண்ணவனா, பூ வாங்குறவனா?"

கட் பண்ணினவன் என்றால், "வெய்யி போனை" என்பார். வாங்குகிறவன் என்றால், அந்த முகத்துக்கு எங்கிருந்துதான் அத்தனை பணிவு வருமோ, தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று மொழியிலும் மன்னிப்புக் கேட்பார். ஒரு பெண், "பத்து நாளா ட்ரை பண்றேன், கட் பண்ணிட்டே இருக்கீங்க, உங்களுக்குப் பூ விக்க இஷ்டமா இல்லியா?" என்று சண்டைக்கு வந்தாள். "தப்புதாம்மா, உனக்கு ரெண்டு பூவு சேத்து வெக்கறேன்" என்றார். சாயங்காலத்துக்குள் நூற்றுப்பத்துப் பெட்டி பதிவாயிற்று. இதற்குப் புதிதாக ஒரு சொடுக்குக்கூட வாங்கவில்லை. எல்லாம் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கி, கட் பண்ணி எறிந்தவை.

புது விளம்பரத்துக்கு முதல் நாள் பன்னிரண்டு ரூபாய் ஆனது. எங்கள் கணக்கின் மேல் விழுந்த கறை உடனே போகாது என்று எனக்குத் தெரியும், பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். யாரும் எக்ஸ் அடிக்கவில்லை. சொடுக்குகிறவர்கள் மட்டும் சொடுக்கினார்கள். மறுநாள் ஒன்பது, அப்புறம் ஏழு. ஐந்துக்கு அது கடைசிவரை இறங்கவே இல்லை. ஆனால் அவர் போனை எடுத்தார். ஒரே அடியில் எடுத்தார். பதிமூன்றாம் தேதி மத்தியானம் வேன் கடைசி நடைக்குப் போனபோது, முப்பது பெண்களும் ஷெட்டு வாசலில் நின்று வெறும் கையை உதறிக் காட்டிச் சிரித்தார்கள். வெட்டுவதற்கு ஒரு பூ மிச்சமில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கப்படாமல் சொல்கிறேன்.

மறுநாள் காதலர் தினத்தன்று அவர் சென்டருக்கு வந்தார். விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தத்தான் வந்திருந்தார்.

"ஒரே ஒரு தடவை நானு அந்த எக்ஸை அடிக்கட்டுமாப்பா? ஊரே அடிச்சுது. பூவுக்காரன் நான் மட்டும் அடிக்கலை."

பாவமாக இருந்தது. என் பக்கத்தைத் திறந்து, ஓரத்தில் அவர் ரோஜா வரும்வரை காத்திருந்து, மவுஸை அவர் கையில் கொடுத்தேன். அழுத்தினார். ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு காரணமாக என்னை வாசிக்கச் சொன்னார். சுவாரசியமில்லை. திரும்பத் திரும்ப வருகிறது. ஏமாற்று. ஆபாசம்.

"வித்துத் தீந்துபோச்சுன்னு ஒண்ணு இல்லியா?"

"இல்லண்ணே."

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அப்ப எதையும் அடிக்காதே. மூடிடு" என்றார். நான் விளம்பரத்தை முறைப்படி கணக்குப் பக்கத்தில் போய் நிறுத்தினேன். அவர் எழுந்து, வாசலில் செருப்பை மாட்டும்போது செல் அடித்தது. ஒரே அடி. எடுப்பதற்குள் நின்றுவிட்டது.

"சாப்பாடு தயாராம்" என்றவர், ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று திருப்பிக் கூப்பிட்டுக் கேட்டார்.